டீக்கடை ஃப்ரான்சைஸ்: 'ராயல்டி கிடையாது' என்றால் யாருக்கு லாபம்?

"ராயல்டி கிடையாது சார், லாபம் முழுக்க உங்களுக்கே. நுழைவுக் கட்டணம் மட்டும் 3 லட்சம்." இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு விளம்பரம் வந்து, வேலையை விட்டுவிட்டு டீக்கடை வைக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? பணம் கட்டும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

விற்பனையில் மாதாமாதம் 5 சதவீதம் ராயல்டி வாங்கும் நிறுவனத்துக்கு உங்கள் கடை ஓடினால்தான் காசு. ராயல்டியே வாங்காத நிறுவனமோ, நீங்கள் கட்டணம் செலுத்திய அன்றே தன் பங்கை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கடை ஓடினாலும் மூடினாலும் அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டியதுதான். சில நிறுவனங்கள் டீத்தூளையும் கப்பையும் தங்களிடமே வாங்கச் சொல்லி அதில் சம்பாதிக்கும். அது தவறில்லை. ஆனால் கிலோ என்ன விலை, வெளியில் அதே தரம் என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. உதாரணமாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 3 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. பெரிய கடைக்காரர்கள் போல இந்த வரியைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைக்கும், 5 சதவீதம் வரி கட்டும் உணவகத்துக்கும் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. விளம்பரத்தில் இந்த 54,000 பெரும்பாலும் கண்ணில் படாது. உள் அலங்காரம், பாய்லர், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்றால், மொத்தம் 7.54 லட்சம். கடை அட்வான்ஸ் தனி.

டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கப் எல்லாம் போக ஒரு டீக்கு ஏழரை ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். வாடகை 20,000, டீ மாஸ்டர் 22,000, உதவியாள் 15,000, கரண்ட், கேஸ், இதர செலவு 13,000. மாதம் 70,000. இதை ஈடுகட்டவே தினமும் 311 டீ விற்க வேண்டும். இதில் உங்கள் கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

ஒப்பந்தம் 5 ஆண்டு என்றால், போட்ட 7.54 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500-க்கும் கொஞ்சம் மேல். உங்கள் சம்பளமாக வெறும் 25,000 சேர்த்தால் மாதத் தேவை சுமார் 1,07,500. அதாவது தினமும் 478 டீ. காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீ, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வடை, பிஸ்கட் விற்பனை கொஞ்சம் கைகொடுக்கும்தான். ஆனால் பால் வீணாவதும், மாஸ்டர் சொல்லாமல் லீவு போடுவதும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த எண்ணிக்கை சாத்தியமா என்பதை நிறுவனத்தின் பிரசுரத்தில் தேடாதீர்கள். அதே பிராண்டின் கடை ஒன்றுக்கு எதிரே ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் உட்கார்ந்து, போகிற கப்பை எண்ணுங்கள். கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும், பரவாயில்லை. நிறுவனம் கூட்டிச் செல்லும் 'மாடல்' கடை வேண்டாம். கூகுள் மேப்பில் நீங்களே தேர்ந்தெடுங்கள். பிராண்டு பெயரைத் தேடும்போது 'Permanently closed' என்று எத்தனை இடத்தில் வருகிறது என்றும் பாருங்கள்.

அமெரிக்காவில் ஃப்ரான்சைஸ் விற்பவர், ஒப்பந்தம் போடுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே விவர ஆவணம் தர வேண்டும். திறந்த கடைகள், மூடிய கடைகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். இந்தியாவில் ஃப்ரான்சைஸுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் நாமே கேட்க வேண்டும்: "போன ரெண்டு வருஷத்துல மூடுன கடைக்காரங்க நம்பர் நாலு குடுங்க." தயங்கினால் அதுவே ஒரு பதில். "இன்னிக்கே 50,000 டோக்கன் போட்டா ஏரியா உங்களுக்கு" என்று அவசரப்படுத்தினால், அந்தத் தொகை திரும்பக் கிடைக்குமா, எத்தனை கிலோமீட்டருக்கு வேறு கடை வராது என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன 'பை-பேக்' ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அது இல்லவே இல்லை.

நேரடி விற்பனைத் திட்டங்களுக்கும் இதே கேள்விதான். பொருளை விற்றால் காசா, ஆள் சேர்த்தால் காசா? ஆள் சேர்ப்பதற்கே பணம் என்றால் அது பிரமிட் திட்டம். 2021-ம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன. அங்கே கப்பை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.