ஹெல்கன் போகும் வண்டி ஏன் பறக்கிறது?

2011 நவம்பரில் வெளியான ‘ஸ்கைரிம்’ விளையாட்டு தொடங்கும்போது நாம் கைகள் கட்டப்பட்ட கைதி. குதிரை வண்டியில் ஏற்றி, மலைப்பாதை வழியாக ஹெல்கன் என்ற ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தலையை வெட்டக் காத்திருக்கிறார்கள். ஆனால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிற பலருக்கு அந்த வண்டி ஒழுங்காக ஊர் போய்ச் சேருவதில்லை. குலுங்குகிறது, சரிகிறது, சில சமயம் அந்தரத்தில் சுழல்கிறது. அதைத் தாண்டிப் போனாலும், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மேசையில் இருக்கும் தட்டும் கோப்பையும் யாரோ தட்டிவிட்டதுபோல நாலாபுறமும் சிதறுகின்றன.

புது மானிட்டர் வாங்கிய கையோடு இதைப் பார்ப்பவர் மானிட்டரைச் சந்தேகிப்பார், கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார், கேமை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார். எதிலும் பழுது இருக்காது. கோளாறு, அந்த விளையாட்டு நேரத்தை அளக்கும் விதத்தில் இருக்கிறது.

கேம் என்பது ஓயாமல் சுற்றும் ஒரு கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் யார் எங்கே நகர்ந்தார்கள் என்று கணக்கிட்டு, ஒரு படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிறது. அந்தப் படம்தான் ஃப்ரேம். ‘வி-சிங்க்’ என்ற அமைப்பு இயங்கும்போது, மானிட்டர் அடுத்த படத்துக்குத் தயாராகும்வரை கேம் காத்திருக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் வினாடிக்கு 60 சுற்றுக்கு மேல் போகாது. ஸ்கைரிமில் வி-சிங்க் முதலிலிருந்தே இயக்கத்தில் இருக்கும். ஆக, பழைய மானிட்டர் யாருக்கும் தெரியாமல் ஒரு பிரேக்காக வேலை செய்துகொண்டிருந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டியதும் அந்தப் பிரேக் தளர்ந்துவிடுகிறது.

சுற்று கூடினால் ஏன் வேகம் கூட வேண்டும்? மிக எளிமையாக எழுதப்பட்ட நிரலில் ஒரு பாத்திரம் நடப்பது இப்படி இருக்கும்:

```
x = x + 5
```

ஒவ்வொரு ஃப்ரேமிலும் 5 அலகு முன்னே போ என்று பொருள். 60 ஃப்ரேமில் அது வினாடிக்கு 300 அலகு. 144 ஃப்ரேமில் 720. அதே பாத்திரம், அதே நிரல், ஆனால் 2.4 மடங்கு வேகம். எழுதியவர் மனத்தில் “ஒரு ஃப்ரேம் என்றால் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு” என்ற எண்ணம் இருந்திருக்கிறது. அது நிரலில் எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான் சிக்கல்.

ஸ்கைரிம் இவ்வளவு வெகுளியாக எழுதப்பட்டதல்ல. அதில் இடறுவது ‘ஹேவொக்’ என்ற இயற்பியல் பகுதி. பொருள்கள் விழுவது, மோதுவது, உருள்வது எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கான `fMaxTime` என்ற அமைப்பின் மதிப்பு 0.0166, அதாவது ஏறக்குறைய 1/60 வினாடி. ஃப்ரேம்கள் அதைவிட வேகமாக வந்தால் கணக்கு பிசகி, பொருள்கள் தேவைக்கு மேல் உந்தப்படுகின்றன. அந்தத் தொடக்க வண்டியும் இதே இயற்பியலில்தான் ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் இதை யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். அவற்றில் விளையாட்டு 30 ஃப்ரேமில்தான் ஓடியது.

கண்ணுக்குத் தெரியும் கோளாறு இது. தெரியாமல் நடப்பதைத்தான் நான் கூடுதல் ஆபத்தாக நினைக்கிறேன். 2014இல் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ் 2’ 60 ஃப்ரேமில் ஓடியபோது ஆயுதங்கள், 30 ஃப்ரேமில் ஓடிய கன்சோல்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. வாள் ஒரு உடல்மீது பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் தேய்மானம் ஃப்ரேம்தோறும் கணக்கில் ஏறியதே காரணம். விளையாட்டு கடினமானது என்று பெயர் பெற்றதால், இதுவும் அந்தக் கடினத்தில் ஒரு பகுதி என்று பலர் நினைத்திருக்கலாம். திருத்தம் வந்தது 2015இல்தான்.

உங்கள் கேமில் இருப்பது இந்தக் கோளாறுதானா என்று அறிய ஒரு சோதனை போதும். ஃப்ரேம் எண்ணிக்கையை 60க்கு மட்டுப்படுத்திப் பாருங்கள். கோளாறு மறைந்தால் இதுதான் காரணம். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் அந்தக் கேமுக்கு மட்டும் `Max Frame Rate` என்பதை 60 என்று வைக்கலாம். எந்தக் கார்டானாலும் ரிவாட்யூனர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ஸ்டீமிலேயே ஃப்ரேம் எண்ணிக்கையைத் திரை மூலையில் காட்டும் வசதி உண்டு. வரம்பு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பதை அதில் சரிபாருங்கள்.

ஸ்கைரிமுக்கு 60 என்ற வரம்பே பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு நெருடல் உண்டு. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4. மானிட்டர் ஒரு படத்தை 2.4 தடவை காட்ட முடியாது. சில படங்களை இரண்டு தடவையும் சிலவற்றை மூன்று தடவையும் காட்டும். கேமராவை மெல்லத் திருப்பும்போது அது சிறு தடுக்கலாகக் கண்ணில் படும். மானிட்டரை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை வரும், தடுக்கல் போய்விடும். ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் கேமின் வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்வதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

144 ஃப்ரேமிலேயே ஆட வேண்டும் என்பவர்கள் `Skyrim.ini` கோப்பில் இப்படி எழுதுவது உண்டு:

```
[HAVOK]
fMaxTime=0.0069
```

0.0069 என்பது 1/144. கேம் 144இல் நிலையாக ஓடும்வரை இது சரியாக இருக்கும். கூட்டமான ஊரில் ஃப்ரேம் 90க்கு இறங்கினால், இப்போது எதிர்ப்பக்கம் தவறும்: பொருள்கள் மெதுவாக, நீருக்குள் விழுவதுபோல விழும். ஸ்பெஷல் எடிஷனுக்கு ‘எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ்’ என்ற ரசிகர்கள் தரப்பு மாட் இருக்கிறது. அது ஃப்ரேம் மாற மாற இந்த மதிப்பையும் மாற்றிக்கொண்டே இருப்பதால், கையால் எழுதுவதைவிட அதுவே நம்பகமானது.

கேம் எழுதப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் தீர்வு, போன ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குவது:

```
x = x + 300 * dt
```

நடைக்கு இது போதும். குதிப்பதற்குப் போதாது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒருவன் எம்புகிறான், ஈர்ப்பு 10 என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்குப்படி அவன் 1.25 மீட்டர் எழ வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு இடத்தை நகர்த்தும் வழக்கமான முறையில், 60 ஃப்ரேமில் அவன் 1.21 மீட்டரும் 144இல் 1.23 மீட்டரும் எழுவான். இரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் ஒரு திண்ணையின் உயரம் 1.22 மீட்டர் என்று அமைந்துவிட்டால், ஒரு மானிட்டர்க்காரர் ஏறிவிடுவார், இன்னொருவரால் ஏறவே முடியாது.

அதனால் இயற்பியலை ஃப்ரேமிலிருந்து முழுக்கப் பிரித்து, மாறாத ஒரே காலப்படியில் ஓடவிடுகிறார்கள். யூனிட்டி எஞ்சினில் அந்தப் படி வழக்கமாக 0.02 வினாடி, அதாவது வினாடிக்கு 50 தடவை. திரை 60 ஆனாலும் 240 ஆனாலும் இயற்பியல் அந்த 50இல்தான் நடக்கும். இரண்டு படிகளுக்கு நடுவே வரும் ஃப்ரேம்களில் பொருளின் இடத்தை இடையிட்டு வரைந்தால் அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். யூனிட்டியில் இந்த இடையிடல் முதலில் அணைந்தே இருக்கும். நாமாக இயக்காவிட்டால் 144 ஹெர்ட்ஸ் திரையில் பந்து திக்கித்திக்கி உருளும்.