ஓடி முடித்த பிறகு வரும் பத்து நிமிடம்

ஒரு பக்கம் ரயில்வே யார்டு, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகை. பேசின் பிரிட்ஜ் பிள்ளைகள் பி.டி. பீரியடில் ஓடுவது இந்தக் காற்றில்தான். வீசிங் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: நிழலில் உட்கார வைக்கிறார்கள், அல்லது சாக்குப்போக்கு என்று விரட்டி ஓட வைக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் பிள்ளை ஓடலாம். அதற்கு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வகுப்பு நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

ஓடும்போது வாய் வழியாக வேகமாக மூச்சு இழுக்கிறோம். அந்தக் காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உலர்த்துகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த உலர்வே குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சுருங்க வைக்கிறது. இந்தச் சுருக்கம் பல பிள்ளைகளுக்கு ஓடும்போது உச்சத்துக்குப் போவதில்லை, ஓடி நின்று ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள்தான் போகிறது. சரியாக அந்த நேரத்தில் மாஸ்டர் அடுத்த அணியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை தனியாகச் சுவர் ஓரத்தில் நின்று இருமிக்கொண்டிருக்கும். வெறும் களைப்பு என்றால் சில நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடும். வீசிங் என்றால் நேரம் போகப் போக இருமல் கூடும், நெஞ்சு இறுகும், மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்கும். ஆகவே ஓடிய பிள்ளையைப் பத்து நிமிடமாவது கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும்.

காலை 10 மணிக்கு பீரியட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்பு மாணவிக்கு, விளையாட்டுக்கு முன் சால்பியூட்டமால் இரண்டு பஃப் என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். 9.50-க்கு இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு பஃப் அழுத்தி, நாலைந்து முறை நிதானமாக மூச்சு இழுத்து விட வேண்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரிலேயே நிறைய ஒட்டிக்கொள்ளும். 10 மணியிலிருந்து பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், இடையிடையே சிறு வேக ஓட்டம். இந்தத் தயாரிப்பே பலருக்குப் பின்னால் வரும் சுருக்கத்தைக் குறைக்கிறது. பிறகு ஒரே மூச்சாக ரவுண்டு அடிக்காமல், ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. கடைசியில் சட்டென்று நிற்காமல் நடந்து ஆற வேண்டும். இன்ஹேலர் ஆபீஸ் பீரோவில் பூட்டியிருந்தால் இத்தனையும் வீண். அது மைதானத்தில், மாஸ்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முந்தின இரவு இருமலில் எழுந்த பிள்ளையும், காலையிலேயே மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எடுத்த பிள்ளையும் அன்று ஓடக்கூடாது. காற்றையும் பார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டில் 101 முதல் 200 வரை இருப்பது ‘மிதமானது’. ஆனால் அந்த அளவிலேயே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் தொல்லை வரலாம் என்று வாரியமே சொல்கிறது. அந்த நாளில் வேகத்தைக் குறைக்கலாம். 200-ஐத் தாண்டினால், போகிப் புகை தங்கிய காலை மாதிரி, வகுப்பறைக்குள் வேறு பயிற்சி தரலாம்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயம் பெற்றோரிடம் உண்டு. அது போதை தரும் மருந்து அல்ல. கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு: விளையாட்டுக்கு முன் எடுப்பது போக, தொல்லைக்காகவே வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை. தினசரித் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ‘நான் டாக்டர் இல்லையே’ என்று மாஸ்டர் தயங்குவது நியாயம்தான். அவர் மருந்தைத் தீர்மானிக்க வேண்டாம், டாக்டர் தந்த சீட்டில் உள்ளதைச் செய்தால் போதும். மூச்சுத் திணறினால் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு பஃப், நாலு நிமிடம் பொறுத்து இன்னும் நாலு. அப்போதும் குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு அதையே தொடரலாம். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ முதலிலேயே 108.

பிள்ளை நடிக்கிறது என்று சந்தேகப்பட்டு ரவுண்டு ஓட வைப்பது தண்டனை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. அப்படி நடந்தால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் கொடுக்கலாம், 1098-க்கும் சொல்லலாம். அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும் இருக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையின் இருமலைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கு போகும்போது, மருந்தின் பெயர், எத்தனை பஃப், எப்போது என்பதைப் பள்ளிக்கென்று தனிச் சீட்டில் எழுதி வாங்கி, இன்ஹேலருடன் மாஸ்டரிடம் கொடுத்துவிடலாம்.