பேப்பர் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: அந்த கேம் யாருக்குச் சொந்தம்?

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர், முழுநேரமும் சொந்தமாக வீடியோ கேம் உருவாக்கப் போகிறார். அவர் எழுத வேண்டிய ராஜினாமா கடிதம் இவ்வளவுதான்:

"எனது பணியிலிருந்து விலகுகிறேன். நியமன ஒப்பந்தத்தின்படி 90 நாள் நோட்டீஸ் காலம் இன்று, 2026 ஜனவரி 6, தொடங்குகிறது. எனது கணக்கில் கடைசி வேலை நாள் ஏப்ரல் 6. இதை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் பொறுப்பில் உள்ளவற்றை அதற்குள் ஒப்படைத்துவிடுவேன். இங்கே கற்றுக்கொண்டவற்றுக்கு நன்றி."

கேம் என்ற சொல்லே இதில் இல்லை. எத்தனையோ இரவுகள் விழித்து உருவாக்கியதைப் பற்றி நாலு வரி எழுத யாருக்கும் ஆசை வரும். மேனேஜரிடம் நேரில் தாராளமாகச் சொல்லலாம். கடிதத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "இரண்டு வருடமாக நான் உருவாக்கிவரும் கேமை முடிக்கப் போகிறேன்" என்று எழுதினால், வேலையில் இருந்தபோதே அது உருவானது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகிவிடும். அதற்காகக் குடும்பச் சூழல், மேல்படிப்பு என்று பொய்க் காரணமும் எழுத வேண்டியதில்லை. காரணம் கேட்டால் "சொந்தத் தொழில் முயற்சி" என்று சொல்வது உண்மையும்கூட.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஊழியர் தன் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. வங்கி மென்பொருள் எழுதும் ஒருவர் ராத்திரி வீட்டில், சொந்தக் கணினியில் எழுதிய கேம் இதில் வராது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் பல ஆஃபர் லெட்டர்கள் சட்டத்தோடு நிற்பதில்லை. "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி, அனுமதியில்லாமல் வேறு தொழில் செய்யக்கூடாது என்று இன்னொரு வரி இருக்கும். சேரும் அன்று நாற்பது பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறார்கள்? இது வெறும் காகிதக் கட்டுப்பாடு என்றும் நினைக்க முடியாது. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி பொதுமேடையிலேயே சொன்னார். கேம் உருவாக்குவதும் போட்டி நிறுவனத்துக்கு உழைப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் ஒப்பந்தத்தின் வாசகம் பல நேரங்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன் இரண்டைத் தேட வேண்டும். ஒன்று, பழைய ஆஃபர் லெட்டரும் அதன் இணைப்புகளும். சில நிறுவனங்களில், சேரும் முன்பே உங்களிடம் இருந்த படைப்புகளைப் பட்டியலிட ஒரு பக்கம் இருக்கும். அதில் கேமின் பெயர் எழுதப்பட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்னொன்று, கேமின் கோடு சேமிக்கப்பட்டுள்ள இடம். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எந்த மின்னஞ்சலில், எப்போது செய்தார் என்பதை கிட் மறக்காமல் வைத்திருக்கும். கேம் இருக்கும் ஃபோல்டரில் இதைத் தட்டினால் வரிசையாக வந்துவிடும்:

```
git log --format="%ad | %an | %ae"
```

அந்தப் பட்டியலில் அலுவலக மின்னஞ்சல் முகவரி தலைகாட்டினாலோ, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி என்று நேரம் காட்டினாலோ, ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் நேரத்திலும் வேலை நடந்தது என்று வாதிட நிறுவனத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும். அதை அழிக்கவோ திருத்தவோ முயன்றால், சிறிய விஷயம் மோசடியாகப் பார்க்கப்படும். நேர் வழி, எச்.ஆரிடம் கேட்டு, இந்தக் குறிப்பிட்ட கேமின்மீது நிறுவனம் உரிமை கோரவில்லை என்று எழுத்தில் வாங்குவது. வாங்குவது கடிதம் கொடுக்கும் முன்பா பின்பா என்பது உங்கள் மேனேஜரைப் பொறுத்தது. ஒப்பந்தம் ரொம்பக் கடுமையாக இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பேசுவது நல்லது. எழுதிக் கொடுக்க மறுத்தால் கடைசி வழி ஒன்று உண்டு. பதிப்புரிமை எழுதிய கோடுக்கும் வரைந்த படத்துக்கும்தான், அவற்றுக்குப் பின்னால் உள்ள யோசனைக்கு இல்லை. வேலையை விட்ட மறுநாள், பழைய கோடைத் தொடாமல் புதிதாக எழுதத் தொடங்கலாம். மனம் வலிக்கும். இரண்டாம் முறை எழுதும்போது வேகமாகவே வரும்.

மைன்கிராஃப்ட் உருவாக்கிய ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் இந்தச் சிக்கலைத் தாண்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் முதலில் ஒரு கேம் நிறுவனத்தில் இருந்தார். அங்கே ஊழியர்கள் சொந்த கேம் செய்வது உரசலானது. அங்கிருந்து விலகி, புகைப்பட ஆல்பம் மென்பொருள் செய்யும் ஜேஆல்பம் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். சொந்த கேம்களை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். 2009இல் மைன்கிராஃப்ட்டைத் தொடங்கி, விற்பனை ஏற ஏற வேலை நேரத்தைக் குறைத்து, 2010இல்தான் முழுதாக விலகினார். உரிமையை முதலில் தெளிவாக்கிக்கொண்டு பிறகு உருவாக்கியதுதான் அதில் சாமர்த்தியம்.

இனி தேதி. கடைசி வேலை நாள்வரை நீங்கள் ஊழியர்தான். அதனால் நோட்டீஸ் காலத்தில் கேமை விற்பனைக்கு விடக்கூடாது. ஐந்து வருடம் நிறைவதற்குச் சில மாதங்கள் இருந்தால் பொறுத்திருப்பதும் லாபம். நம் உதாரணத்தில் அவர் 2020 ஜூனில் சேர்ந்தவர். ஏப்ரலில் ஐந்து வருடம் பத்து மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாகக் கணக்கு என்பதால், ஆறு வருடத்துக்குக் கிராஜுவிட்டி கிடைக்கும். கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 1,73,000 ரூபாய்.

இந்தப் பணத்தோடு எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். கேம் வெளிவரும் நாளையே பணம் வரும் நாளாக நினைத்துவிடுகிறார்கள். கணினி கேம்களின் பெரிய சந்தையான ஸ்டீமில், ஒரு மாத விற்பனைப் பணம் அடுத்த மாத இறுதியில்தான் வரும். கேம் முடிய இன்னும் ஒரு வருடம் வேண்டும், 2027 ஏப்ரலில் வெளியீடு என்றால், முதல் பணம் மே மாத இறுதியில். 2026 ஏப்ரலில் சம்பளம் நிற்கிறது. இடையில் ஏறக்குறைய 14 மாதம். வீட்டுச் செலவு மாதம் 45,000 என்றால் 6,30,000 ரூபாய், கேம் தாமதமாகவில்லை என்றால்.

வந்த பிறகும் விற்ற விலை கைக்கு வராது. 3,000 பிரதிகள் விற்று, தள்ளுபடியும் நாட்டுக்கு நாடு மாறும் விலையும் சேர்த்துச் சராசரியாக ஆறு டாலர் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 18,000 டாலர். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதுவும் வெளிநாட்டு விற்பனை வரியும் போக 15,000 நிற்கலாம். ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். மீதம் 10,500 டாலர். டாலருக்கு 90 ரூபாய் வீதம் 9,45,000. அமெரிக்க விற்பனையில் அங்கேயே பிடிக்கும் வரியும் இங்கே வருமான வரியும் அதற்குப் பிறகு. அந்த 3,000 பிரதிகளும் ஒரே மாதத்தில் விற்காது. முதல் வாரத்தில் ஒரு பகுதி, மீதி அடுத்தடுத்த தள்ளுபடி விற்பனைகளில் ஒரு வருடம் இழுத்து வரும்.

கடிதத்தைக் கொடுக்கும் வாரத்திலேயே செய்துவிட வேண்டியது இன்னொன்று உண்டு. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அம்மா அப்பாவும் அதில் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஏப்ரல் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். புதிதாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.