வங்கி ஒரு பெரிய சீட்டு இல்லை

லாசாலில் ஒரு டூப்ளெக்ஸ் வாங்க வங்கி நாலரை லட்சம், ஐந்து லட்சம் டொலர் கடன் தருகிறது. அந்தக் காசு எங்க இருந்து வருது என்று பிள்ளைகள் கேட்டால் நாங்கள் அநேகமாகச் சொல்லும் பதில் இதுதான்: "மற்ற ஆக்கள் வங்கியில போட்ட காசைத்தான் எங்களுக்குத் தாறாங்கள்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வங்கி நடக்கும் விதம் அதுவல்ல.

அந்தப் பதில் சீட்டுப் பிடித்த பழக்கத்திலிருந்து வருகிறது. இருபது பேர் மாதம் 500 டொலர் கட்டினால் 10,000 சேரும். அதை ஒருவர் எடுத்தால் மற்றப் பத்தொன்பது பேரின் கையிலும் அந்த மாதக் காசு இல்லை. சீட்டில் காசு கை மாறுகிறதே தவிரக் கூடுவதில்லை. வங்கியில் அப்படி இல்லை. உங்களுக்குக் கடன் தந்த அன்று வேறு எவருடைய கணக்கிலும் ஒரு சதம்கூடக் குறைவதில்லை.

பொருளியல் பாடப்புத்தகங்கள் இதை ஒரு சங்கிலியாக விளக்கும். ஒருவர் 1,000 டொலரை வைப்பிலிடுகிறார். வங்கி பத்து வீதத்தை, அதாவது 100 டொலரை, ஒதுக்கி வைத்துவிட்டு 900ஐக் கடனாகக் கொடுக்கிறது. அந்த 900 கடைக்காரர் ஒருவரின் கணக்கில் வைப்பாக விழுகிறது. அந்த வங்கி 90ஐ ஒதுக்கி 810ஐக் கொடுக்கிறது. அடுத்தது 729. இப்படியே போனால் முதல் 1,000 டொலர் கடைசியில் 10,000 டொலர் வைப்பாக நிற்கும். முதல் ஆளின் 1,000 கணக்கில் அப்படியே இருக்க, கடைக்காரரின் 900உம் கூடவே இருக்கிறது. வைப்புகள் பெருகுவது அப்படித்தான்.

இந்த ஒதுக்கு வெறும் பாடப்புத்தகக் கதை இல்லை. இலங்கையில் அதற்கு 'நியதி ஒதுக்கு விகிதம்' என்று பெயர். 2023 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி அதை நான்கு வீதத்திலிருந்து இரண்டு வீதமாகக் குறைத்தது. சங்கிலிக் கணக்கின்படி, 25 மடங்காக இருந்த உச்சம் 50 மடங்காகிறது. அதற்காக நாட்டிலுள்ள வைப்புகள் இரட்டிப்பாகிவிடவில்லை. கணக்கு காட்டுவது உச்சவரம்பை மட்டும்தான். கடன் கேட்க ஆளும், கொடுக்க வங்கிக்குத் துணிவும் இருந்தால்தான் சங்கிலி நகரும்.

கனடாவுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. இங்கே கட்டாய ஒதுக்கு விதியை 1992இல் தொடங்கி 1994க்குள் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். இன்று விகிதம் பூச்சியம். சூத்திரத்தில் போட்டால் ஒன்றைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டும். பல புரோகிராம்கள் அந்த இடத்தில் எரர் தரும். ஆனால் வங்கிகள் முடிவில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டே போகவில்லை. ஏன் என்று பார்க்க, நியூமன் புலவார் பக்கம் ஒரு வீடு கை மாறுவதாகக் கற்பனை செய்வோம்.

விலை 600,000 டொலர். வாங்குபவர் கையிலிருந்து 120,000 போடுகிறார். மிச்சம் 480,000க்கு அவருடைய வங்கி மோர்ட்கேஜ் கொடுக்கிறது. அன்று வங்கி தன் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுகிறது. ஒரு பக்கத்தில், "இவர் எங்களுக்கு 480,000 தர வேண்டும்." மறுபக்கத்தில், "இவருடைய கணக்கில் 480,000 இருக்கிறது." பெட்டகத்திலிருந்து யாரும் காசு எடுக்கவில்லை. அந்த 480,000 அந்த நிமிடத்தில் பிறந்த வைப்பு.

அடுத்து, 600,000உம் நோட்டேரியின் பொறுப்புக் கணக்கு வழியாக விற்பவரின் வங்கிக்குப் போகிறது. விற்பவருக்குப் பழைய மோர்ட்கேஜில் 150,000 பாக்கி. அதை அடைத்ததும் அவர் கணக்கில் 450,000 நிற்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள். விற்பனைக்கு முன் இருந்தது வாங்குபவரின் 120,000 மட்டும். இப்போது 450,000 இருக்கிறது. ஒரே ஒரு வீட்டு விற்பனையால் நாட்டின் பணத்தொகை 330,000 டொலர் கூடிவிட்டது. பழைய கடனை அடைத்த 150,000 எங்கே? அது அழிந்துபோனது. கடன் எழுதும்போது பணம் பிறக்கிறது, கடன் அடையும்போது மறைகிறது.

வங்கிக்குக் கடிவாளம் எங்கே என்பதும் இதே விற்பனையில் தெரியும். ஒவ்வொரு பெரிய வங்கிக்கும் கனடா மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. 600,000 மற்ற வங்கிக்குப் போகும்போது, தான் எழுதிய எண்ணை மட்டும் அனுப்பித் தப்ப முடியாது. மத்திய வங்கிக் கணக்கில் உள்ள இருப்பிலிருந்து உண்மையாகவே தீர்க்க வேண்டும். அந்த இருப்பு குறைந்தால் வேறு வைப்புகளைக் கூப்பிட வேண்டும், அல்லது சந்தையில் கடன் வாங்க வேண்டும். உங்கள் ஜி.ஐ.சி.க்கு வங்கி வட்டி தருவது இதற்காகத்தான். வைப்பு வங்கிக்குத் தேவைதான். ஆனால் அது கடனுக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இரண்டாவது கடிவாளம் மூலதனம். இதை ஒதுக்கோடு குழப்பக்கூடாது. ஒதுக்கு என்பது கையிருப்பு, மூலதனம் என்பது பங்குதாரரின் சொந்தக் காசு. கடன் திரும்பி வராவிட்டால் நட்டம் முதலில் அவர்கள் தலையில் விழ வேண்டும். ஆகவே கடன் கூடக்கூட மூலதனமும் கூட வேண்டும் என்பது விதி.

மூன்றாவது, வட்டி. 2022 தொடக்கத்தில் மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.25. 2023 யூலையில் அது 5. யாரும் ஒதுக்கு விகிதத்தைத் தொடவில்லை. கடனின் விலையை ஏற்றினார்கள், கடன் கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள், புதுப் பணம் பிறக்கும் வேகமும் குறைந்தது. அந்த நேரம் மோர்ட்கேஜ் புதுப்பித்த குடும்பங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மாதக் கட்டணத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 480,000 கடன், 4.5 வீத நிலையான வட்டி, 25 வருடம் என்றால் மாதம் சுமார் 2,657 டொலர். முதல் மாதம் அதில் சுமார் 1,783 வட்டி. அது வங்கியின் வருமானம். சம்பளமாகவும் பங்கிலாபமாகவும் மற்றவர்களின் வைப்பு வட்டியாகவும் அதில் பெரும்பகுதி திரும்ப வெளியே வரும். மிச்சம் 873 முதல். அந்த 873 யாருக்கும் போவதில்லை. கடனும் வைப்பும் ஒன்றாகக் கழிந்து இல்லாமல் போகிறது.

இதிலிருந்து வீட்டுக்கு உதவும் ஒரு விசயம் உண்டு. கணக்கில் தெரியும் எண் பெட்டகத்தில் உங்கள் பெயரில் கிடக்கும் தாள் இல்லை. அது வங்கி உங்களுக்குத் தந்த வாக்கு. எல்லாரும் ஒரே நாளில் தாளாகக் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது. அந்தப் பயத்தைத் தடுக்கத்தான் வைப்புக் காப்புறுதி இருக்கிறது. மத்திய அரசின் சி.டி.ஐ.சி.யில் அதன் உச்சவரம்பை 2005இல் 100,000 டொலராக உயர்த்தினார்கள். இது ஒரு கிளைக்கு இல்லை, ஒரு நிறுவனத்தில் ஒவ்வொரு வகை வைப்புக்கும். டெஜார்டான் கெஸ் போன்றவை சி.டி.ஐ.சி.க்குள் வராது. அவற்றுக்குக் கியூபெக்கின் ஏ.எம்.எஃப். காப்புறுதி இருக்கிறது. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் 80,000 படி உங்கள் தனிப் பெயரில் வைத்திருந்தால், அந்தக் கணக்கில் அது 160,000 தான். வீடு விற்ற பெரிய தொகை சில மாதம் கணக்கில் சும்மா கிடக்கப் போகிறதென்றால், கையெழுத்துப் போடும் முன்னரே இதைப் பார்த்துவிடுங்கள்.