ஐந்தாவது சுற்றில் இறுகும் கெண்டைக்கால்

காவலர் தேர்வுக்குத் தயாராகும் 22 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊர் மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் தினமும் காலையில் ஓடுகிறார். முதல் நான்கு சுற்று வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்தாவது சுற்றில் இரண்டு கெண்டைக்கால்களும் இறுக ஆரம்பிக்கின்றன. அரைச் சுற்று போவதற்குள் இறுக்கம் எரிச்சலாகிறது, உள்ளங்கால் மரத்துப்போகிறது, பாதம் தரையில் தப்பு தப்பென்று விழுகிறது. நின்றுவிட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் சரி. மறுநாள் ஓடினாலும் அதே ஐந்தாவது சுற்று, அதே இறுக்கம்.

தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓடிப் பார்த்தால் மூன்றாவது சுற்றிலேயே கால் கெட்டியாகிவிடுகிறது. மூச்சு வாங்கவில்லை, கால்தான் ஓட விடவில்லை. உடன் ஓடுகிறவர்கள், "பயிற்சி பத்தல, இன்னும் ரெண்டு சுற்று சேர்த்து ஓடு, பழகிடும்" என்கிறார்கள். அவரும் ஓடுகிறார். பழகவில்லை.

இவர் ஒரு மாதிரிக்காகச் சொன்ன ஆள்தான். ஆனால் இதே கதையோடு எலும்பு மருத்துவரிடமும் விளையாட்டு மருத்துவரிடமும் வருகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வருவதும், ஓய்வெடுத்தால் முழுதாக மறைவதும்தான் இந்த வலியின் அடையாளம். பயிற்சிக் குறைவால் வரும் சோர்வு இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வராது.

உறைக்குள் அடைபட்ட தசை

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு கட்டுகளாகப் பிரிந்திருக்கின்றன. முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்பக்கம் மேலே ஒன்று, அதற்கு அடியில் ஆழத்தில் இன்னொன்று. ஒவ்வொரு கட்டையும் ஃபேசியா என்ற வெண்மையான, உறுதியான சவ்வு சுற்றியிருக்கிறது. திணித்த தலையணைக்கு உறை போட்டதுபோல அது தசையை இறுக்கிப் பிடித்திருக்கும். உறைக்கு விரிந்துகொடுக்கும் தன்மை மிகக் குறைவு.

ஓடும்போது தசைக்குள் ரத்தம் பாய்ந்து நிறைகிறது, நீரும் சேர்கிறது. தசையின் பருமன் 20 சதவீதம் வரை கூடக்கூடும். பெரும்பாலோருக்கு உறைக்குள் அதற்கு இடம் இருக்கிறது. சிலருக்கு இல்லை. அவர்களுக்குத் தசை வீங்க வீங்க உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாமல் இறுக்கமும் எரிச்சலும் தொடங்குகின்றன. அதே கட்டுக்குள் ஓடும் நரம்பும் நசுங்குவதால் பாதம் மரக்கிறது. இதற்கு ‘நாட்பட்ட கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்’ என்று பெயர். வலி எப்படி உண்டாகிறது என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் முடியவில்லை. அழுத்தம் ஏறுவதை மட்டும் ஊசி வைத்து அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

தூரம் ஏன் மாறுவதில்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒரே வேகத்தில், ஒரே தரையில் ஓடும்போது தசை உறையை நிரப்பும் அளவுக்கு வீங்க ஏறக்குறைய ஒரே அளவு உழைப்புதான் தேவைப்படுகிறது. வேகத்தைக் கூட்டினாலோ மேட்டில் ஏறினாலோ அந்த எல்லை முன்னதாக வந்துவிடும். இன்னும் ஓடிப் பழகினால் சரியாகும் என்ற யோசனை பலிக்காததற்கும் இதுவே காரணம். பயிற்சியால் தசை பருத்தால் உறைக்குள் இடம் இன்னும் குறையுமே தவிர கூடாது.

எந்தக் கட்டில் அழுத்தம் ஏறுகிறது என்பதை மரத்துப்போகும் இடம் காட்டிக்கொடுக்கும். முன்பக்கக் கட்டு என்றால் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோல் மரக்கும். வெளிப்பக்கக் கட்டு என்றால் பாதத்தின் மேற்புறம். நம் இளைஞருக்கு மரத்தது உள்ளங்கால். அது பின்பக்கத்து ஆழ்கட்டைச் சுட்டுகிறது.

ரத்தக்குழாயா என்று பார்க்க வேண்டும்

ஒரே தூரத்தில் வந்து ஓய்வில் போகும் கெண்டைக்கால் வலிக்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. காலுக்கு வரும் ரத்தமே போதாமல் போவது. இளைஞர்களிடம் இது பெரும்பாலும் முழங்காலின் பின்குழியில் நடக்கிறது. அந்தக் குழி வழியாகக் கீழே இறங்கும் தமனியைக் கெண்டைத் தசையின் ஒரு பகுதி நசுக்குகிறது. பிறவியிலேயே தமனியோ தசையோ இடம் மாறி அமைந்திருப்பது ஒரு வகை. அமைப்பு சரியாக இருந்தும் தசை பருத்து நசுக்குவது இன்னொரு வகை. 1879-இல் எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர் உடற்கூறு ஆய்வின்போது இந்த விசித்திர அமைப்பை முதன்முதலில் பதிவு செய்தார்.

இரண்டையும் பிரித்தறிய வலி அடங்கும் நேரம் உதவும். தமனிச் சிக்கல் என்றால் நின்ற சில நிமிடங்களில் வலி ஓடிவிடும். உறைக்குள் அழுத்தம் என்றால் தசை வற்றி இறங்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகும். வலி வந்த நேரத்தில் பாதம் வெளுத்துச் சில்லிட்டால் தமனியைச் சந்தேகிக்க வேண்டும். உள்கணுக்காலின் பின்னால் விரல் வைத்தால் நாடித்துடிப்பு தெரியும். ஓடி நின்றதும் அது ஒரு காலில் மட்டும் மங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் பர்கர் நோயையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் அழன்று அடைபடும் இந்த நோய் இளம் ஆண்களையும் தாக்கும். நம் நாட்டில் இது அரிதல்ல. முதலில் உள்ளங்கால் வளைவிலும், பிறகு கெண்டைக்காலிலும் நடக்கும்போது வலி வரும். புகையிலையை முற்றிலும் விடாமல் இதற்கு வேறு மருத்துவம் பலிக்காது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கும், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தமனி அடைப்பைத்தான்.

ஓட்டக்காரர்களுக்கு அடிக்கடி வரும் முன்னெலும்பு வலியின் போக்கு வேறு. ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறையும். எலும்பின் உள்விளிம்பை அழுத்தினால் வலிக்கும். விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, இரவிலும் தொடர்ந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

ஓடிவிட்டுப் போனால்தான் தெரியும்

இந்த நோயாளி மருத்துவர் முன் உட்காரும்போது கால் முற்றிலும் நன்றாக இருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஓய்வில் எடுத்த ஸ்கேனும் பெரும்பாலும் சுத்தமாக வரும். "ஒண்ணுமில்ல தம்பி, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிடுவது எளிது. இரண்டு வாரம் கழித்து ஓடினால் அதே சுற்றில் வலி நிற்கும்.

ஆகவே பரிசோதனை வலி வந்த நிலையில் நடக்க வேண்டும். டிரெட்மில்லில் ஓடவிட்டு, வலி வந்ததும் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தம் கை அழுத்தத்தை விட வெகுவாகக் குறைந்தால் தமனியில் சிக்கல். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி டாப்ளர் ஸ்கேன் செய்தால், தசை தமனியை நசுக்குகிறதா என்பது தெரியும்.

தமனி சரி என்றால் அடுத்தது உறைக்குள் இருக்கும் அழுத்தம். சந்தேகப்படும் கட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, ஓடுவதற்கு முன்பும் ஓடி நின்ற பிறகும் அளக்கிறார்கள். 1990 முதல் பரவலாகப் பயன்படும் அளவுகோல் இது: ஓடுவதற்கு முன் 15, நின்ற ஒரு நிமிடத்தில் 30, ஐந்து நிமிடத்தில் 20. இவை மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. மூன்றில் ஏதேனும் ஒன்று அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நோய் இருப்பதாகக் கொள்வார்கள். நம் இளைஞருக்கு முறையே 14, 42, 27 என்று வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. எண்கள் எல்லையை ஒட்டி வந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் அப்படி வருவதுண்டு. வலியின் கதையும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

கத்திக்கு முன்னும் பின்னும்

ஓட்டத்தை விட்டால் வலியும் விடும். ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர் நீச்சலுக்கோ சைக்கிளுக்கோ மாறிக்கொள்ளலாம். ஓடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் கால் வைக்கும் முறையை மாற்றிப் பார்ப்பதுண்டு. 2012-இல் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு ஒன்று, முன்பக்கக் கட்டில் இந்நோய் கண்ட 10 பேருக்கு, குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தை ஊன்றி ஓட ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது. ஓராண்டு கழித்தும் யாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருவது. கெண்டைக்காலில் வலி உள்ளவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. முன்பாதத்தில் ஓடினால் சுமை கெண்டைத் தசைக்குத்தான் மாறுகிறது. நம் இளைஞருக்கு அது வலியைக் கூட்டக்கூடும்.

எதற்கும் அடங்காவிட்டால் உறையை நீளவாக்கில் கீறி விடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சில நாட்களில் நடக்கலாம், ஓட்டத்துக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முன்பக்கக் கட்டில் இது பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. பின்பக்கத்து ஆழ்கட்டில் வெற்றி அதைவிடக் குறைவு. உறை தழும்பாகி மீண்டும் இறுகவும், தோல் நரம்பு அடிபடவும் வாய்ப்பு உண்டு. தமனிச் சிக்கலைக் கவனிக்காமல் உறையைக் கீறினால் வலி அப்படியே நிற்கும். கத்தி வைப்பதற்கு முன் தமனியைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஓய்வெடுத்தும் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், கால் கல்போல இறுகி விரலை அசைத்தாலே உயிர் போனால், அல்லது சிறுநீர் கறுத்து வந்தால், அது வேறு. அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் தசை செத்துவிடும்.

மற்றவர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். எந்த வேகத்தில் ஓடினீர்கள், எத்தனையாவது நிமிடத்தில் வலி வந்தது, எங்கே மரத்தது, பாதம் சில்லிட்டதா, நின்று எத்தனை நிமிடத்தில் விட்டது என்று. உட்கார்ந்திருக்கும் காலைப் பார்த்து மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாதது அந்த ஒரு பக்கத்தில் இருக்கும்.