கையில் காசு இருக்கிறது... ஆனால் அது யாருடைய காசு? வீட்டு அலங்காரச் செலவைப் பிடித்து நிறுத்தும் ஆறு கட்டங்கள்!

பெயின்ட் அடித்து, திரைச்சீலை மாற்றி, ஹாலுக்கு நல்ல விளக்கு போட்டுவிடலாம் என்று ஆரம்பிக்கும்போது எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கும். வேலை முடியும்போதுதான் அது எங்கே தப்பியது என்று தெரியாமல் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மொபைலில் ஒரு எளிய ஷீட் போட்டிருந்தால், எந்த நாளில், எந்த பில்லில் கணக்கு நழுவியது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

ஓர் உதாரணம். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய ஃப்ளாட். குடும்பத்தின் சேமிப்பில் இதற்காக ஒதுக்கியது 1,50,000 ரூபாய். அதற்கு மேல் போனால், மகளின் ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸில்தான் கைவைக்க வேண்டும். பெயின்டிங் 57,600, திரைச்சீலை 26,000, விளக்கு, ஃபேன் 18,400, ஹாலில் ஒரு சுவருக்கு வால்பேப்பர் 10,000, சோஃபாவுக்குப் புது உறை 18,000. கூட்டினால் 1,30,000. மீதி 20,000 ரூபாயை 'எதிர்பாராதது' என்று தனி வரியாக எழுதினார்கள். பழைய வீடு என்பதால், மதிப்பீட்டில் சுமார் 15 சதவிகிதம். சுவரைச் சுரண்டும் வேலை இல்லாத புது வீடாக இருந்தால் 10 சதவிகிதம்கூடப் போதலாம்.

ஷீட்டில் என்ன எழுத வேண்டும்?

A-யில் வேலையின் பெயர். B-யில் மதிப்பீடு. C-யில் ஒப்புக்கொண்ட தொகை. D-யில் பில். E-யில் கொடுத்த பணம். F-ல் வித்தியாசம். 2-வது வரியிலிருந்து 6 வரை ஐந்து வேலைகள், 7-ல் எதிர்பாராதது. தொடங்கும்போது B-யில் உள்ளதையே C-யிலும் எழுதலாம். 7-வது வரியில் மட்டும் C பூஜ்ஜியம். F2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=IF(D2="","",D2-B2)
```

ஒரே ஒரு விதி: B-யை ஒருமுறை எழுதிய பிறகு தொடவே கூடாது. பில் அதிகமாக வந்தது என்று மதிப்பீட்டைத் திருத்தினால், வித்தியாசம் எப்போதும் பூஜ்ஜியம்தான் காட்டும். பேச்சு மாறினாலோ, பில் வந்தாலோ திருத்த வேண்டியது C-யை.

பலரும் விட்டுவிடுவதும் இந்த C-யைத்தான். பெயின்டருக்கு 40,000 அட்வான்ஸ் கொடுத்த நாளில் வங்கிக் கணக்கில் 1,10,000 இருக்கிறது. 'இன்னும் நிறைய இருக்கே, ஹாலுக்கு ஒரு ஷான்டிலியர் வாங்கிடலாமா?' என்று தோன்றும். ஆனால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தையல்காரருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பேசியாகிவிட்டது. உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பதை இது சொல்லும்:

```
=150000-SUM(C2:C7)
```

அன்று அதில் தெரிந்தது 20,000 மட்டுமே. ஷான்டிலியர் பேச்சு அத்தோடு முடிந்தது.

சுரண்டியதும் வந்த செலவு

பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரைச் சுரண்டியபோது பூச்சு மாவாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பாத்ரூம் குழாய் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து, சுவரை மறுபடி பூச 6,500 ரூபாய். இது யாரும் ஆசைப்பட்டுச் செய்த செலவல்ல; செய்யாமல் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். எதிர்பாராதது என்ற வரி இதற்குத்தான். C7-ல் 6,500 ஏறியது.

புதிய சிமென்ட் பூச்சு காய சுமார் நான்கு வாரங்கள் வேண்டும். அதனால் அந்தச் சுவரை மட்டும் பிறகு அடிப்பது என்று பேசி, பெயின்டருக்கான தொகையில் 3,000 ரூபாயை நிறுத்திவைத்தார்கள். D-க்கும் E-க்கும் உள்ள அந்த 3,000 வித்தியாசம், வேலை பாக்கி இருக்கிறது என்பதை நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

பில் ஏன் கூடியது?

பெயின்டரின் பில் 64,750. மதிப்பீட்டைவிட 7,150 அதிகம். இங்கே சண்டை போடுவதைவிட, அளவு கூடியதா, ரேட் கூடியதா என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மதிப்பீடு 2,400 சதுர அடி, அடிக்கு 24 ரூபாய். பில்லில் 2,590 சதுர அடி, அடிக்கு 25 ரூபாய். ஆக, அளவு 190 சதுர அடி கூடியிருக்கிறது, ரேட் ஒரு ரூபாய் கூடியிருக்கிறது.

டேப் வைத்து அளந்தபோது அளவின் விஷயம் புரிந்தது. இரண்டு படுக்கையறைகளிலும் 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரத்துக்குச் சுவரோடு சேர்ந்த அலமாரி. அதன் பின்னால் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. ஓர் அறைக்கு 95 சதுர அடி, இரண்டுக்கும் 190. காட்டியதும் பெயின்டர் கழித்துக்கொண்டார். ரேட் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. நடுவில் போன் செய்து 'துடைத்தால் கறை போகும் பெயின்ட்டாகவே அடிங்க அண்ணே' என்று சொன்னது இவர்கள்தான். அதை C-யில் எழுதாமல் விட்டதும் இவர்கள்தான். 2,400 சதுர அடிக்கு 25 வீதம், 60,000 ரூபாயில் முடிந்தது.

கூடிய 2,400 ரூபாயை எதிர்பாராத செலவில் போடவில்லை. விரும்பி வாங்கிய தரம் அது. ஆசைக்கான பணம் இன்னொரு ஆசையிலிருந்துதான் வர வேண்டும். படுக்கையறைத் திரைச்சீலைக்குக் கொஞ்சம் விலை குறைந்த துணி எடுத்து, 26,000-ஐ 23,600 ஆக்கினார்கள்.

அடுத்தது விளக்குக் கடை. 18,400 என்று கொட்டேஷன் தந்த தாளின் அடியில் 'ஜி.எஸ்.டி தனி' என்று சின்ன எழுத்தில் இருந்தது. 18 சதவிகிதம் சேர்ந்து பில் 21,712 ஆனது. கடைக்காரர் மேல் தப்பில்லை. மதிப்பீட்டில் வரியைச் சேர்க்காததுதான் தப்பு. இந்த 3,312 ரூபாயும் எதிர்பாராததற்கு ஒதுக்கிய பணத்தில்தான் கழிந்தது. வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 'வரியோடு எவ்வளவு?' என்று கேட்டு, அந்தத் தொகையை B-யில் எழுதியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

கடைசிக் கணக்கு

வால்பேப்பரும் சோஃபா உறையும் பேசியபடியே முடிந்தன. எல்லாம் சேர்த்து 1,39,812 ரூபாய். மிச்சம் 10,188. அது முழுவதும் அவர்களுடையது அல்ல என்று சொல்ல இப்போது எந்த வரியும் பாக்கியில்லை. பெயின்டரின் 3,000-கூட அந்த மொத்தத்துக்குள் அடக்கம்.

ஷீட் செலவைக் குறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கசிவும் வரியும் எப்படியும் வந்திருக்கும். பில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால், அடிக்காத சுவருக்கான 4,750 ரூபாயும் சேர்ந்தே போயிருக்கும்.

நான்கு வாரம் கழித்து, காய்ந்த சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டார்கள். எடுத்தபோது உள்பக்கம் ஈரம் இல்லை. பெயின்டர் வந்து அடித்துவிட்டுப் போனார். E2-வில் 57,000 என்பது 60,000 ஆனது. ஸ்கூல் ஃபீஸ் பணம், இருந்த இடத்திலேயே இருந்தது.