வெளிக்காற்றின் ஈரத்தை வாங்கும் சக்கரம்

சென்னையில் ஒரு புழுக்கமான நாளில் வெளிக்காற்று 33 டிகிரி இருக்கிறது. ஒரு கிலோ காற்றில் 22 கிராம் நீராவி. ஏசி அறையிலோ 24 டிகிரி, 9.3 கிராம்தான். அறைக்குப் புதுக்காற்று தரும் தனி யூனிட்டுக்கு வெப்பத்தைவிட ஈரம்தான் பெரும் சுமை.

அதைக் குறைப்பது என்தால்பி சக்கரம். ஈரம் உறிஞ்சும் பூச்சுள்ள இந்தச் சக்கரம் மெல்லச் சுழன்று, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் நீராவியையும் வாங்கி, வெளியேறும் அறைக்காற்றிடம் சேர்க்கிறது. இரண்டிலும் 70 சதவீதத் திறன் என்றால் காற்று 26.7 டிகிரி, 13.1 கிராமுக்கு இறங்கிவிடும். சைக்ரோமெட்ரிக் வரைபடத்தில் இது வெளிக்காற்றுப் புள்ளியிலிருந்து அறைப்புள்ளியை நோக்கிப் போகும் நேர்க்கோடு. பிறகு குளிர் காயில் காற்றை 12 டிகிரிக்குக் கொண்டுவர, கிலோவுக்குச் சுமார் 56 கிலோஜூலுக்குப் பதில் 26 எடுத்தால் போதும்.

வெளியேறும் காற்று உள்ளே வருவதற்கு ஈடாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கழிவறைக் காற்றைத் தனியே வெளியேற்றினால் சக்கரத்துக்கு வருவது குறையும், பலனும் குறையும்.

பூச்சு அழுக்கேறினால் வெப்பம் ஓரளவு மாறும், ஈரம் மாறாது. தெர்மாமீட்டர் 27 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். அதனால் சக்கரத்தைத் தாண்டிய காற்றின் ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும். அங்கே 18 கிராம் வந்தால் சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.